மைனஸ் செட்டப், மைனஸ் ஹோல்ட்: எந்த ஃபிளிப்-ஃப்ளாப்பை எங்கே வைப்பது?

செல் லைப்ரரியைத் திறந்து ஃபிளிப்-ஃப்ளாப்புகளைச் செட்டப் டைம் வரிசையில் அடுக்கிப் பார்த்தால், சில சமயம் பட்டியலின் உச்சியில் மைனஸ் 20 பைக்கோ வினாடி என்று ஒரு செல் நிற்கும். கிளாக் எட்ஜ் வந்து 20 பைக்கோ வினாடி கழித்து டேட்டா வந்தாலும் அந்தச் செல் சரியாகப் பிடித்துக்கொள்ளும் என்று அதற்கு அர்த்தம். டைமிங் இடிக்கிற பாதையின் முடிவில் இதைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். சில இடங்களில் அது சரியான முடிவுதான். பல இடங்களில் ஒரு பைக்கோ வினாடிகூட மிச்சமாகாது. எங்கே எது என்று பிரித்துப் பார்க்க, அந்த மைனஸ் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செல்லின் நடுவில் உண்மையாகவே டேட்டாவைப் பிடிக்கிற இடம் ஒன்று இருக்கிறது: மாஸ்டர் லாட்ச். அதை உட்கரு என்று வைத்துக்கொள்வோம். அந்த உட்கருவுக்கென்று ஒரு செட்டப், ஒரு ஹோல்ட் உண்டு. ஆனால் லைப்ரரி தருவது உட்கருவின் எண்களை அல்ல. செல்லின் வெளிப் பின்களில், அதாவது D, CK பின்களில், அளந்த எண்களை. D பின்னுக்கும் உட்கருவுக்கும் இடையே ஓர் இன்வெர்ட்டரோ, ஸ்கேன் மக்ஸோ இருக்கும். CK பின்னுக்கும் உட்கருவுக்கும் இடையே கிளாக்கைத் தலைகீழாக்கவும் வலுப்படுத்தவும் இன்வெர்ட்டர்கள் இருக்கும். இந்த இரண்டு தாமதங்களும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. டேட்டா தாமதத்தை Td என்றும் கிளாக் தாமதத்தை Tc என்றும் குறித்தால், பின்னில் தெரியும் எண்கள் இப்படி வரும்:

```
Tsu(pin) = Tsu(core) + Td - Tc
Th(pin)  = Th(core)  + Tc - Td
```

கிளாக் உள்ளே தாமதமாகப் போனால் செட்டப் குறையும், போதுமான அளவு தாமதமானால் மைனஸுக்குப் போகும். டேட்டா தாமதமாகப் போனால் அதே கதை ஹோல்டுக்கு நடக்கும். இரண்டு வரிகளையும் கூட்டினால் Td, Tc இரண்டும் ரத்தாகி உட்கருவின் செட்டப்பும் ஹோல்டும் மட்டும் மிஞ்சும். டேட்டா அசையக் கூடாத அந்தச் சாளரத்தின் அகலம் மாறுவதில்லை, கிளாக் எட்ஜுக்கு முன்னோ பின்னோ நகர்கிறது, அவ்வளவுதான். ஒரே டேட்டா மாற்றத்துக்குச் செட்டப், ஹோல்ட் இரண்டும் ஒருசேர மைனஸாக இருக்க முடியாது என்பதும் இதிலிருந்தே வருகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே உட்கருவை வைத்து மூன்று செல்களை எடுத்துக்கொள்வோம். உட்கருவின் செட்டப் 30, ஹோல்ட் 10, உட்கருவிலிருந்து Q வரை போக 60. இனி வரும் எண்கள் எல்லாம் பைக்கோ வினாடியில். கணக்குச் சுலபமாக இருக்க நான் வைத்துக்கொண்டவை, எந்த லைப்ரரியிலிருந்தும் எடுத்தவை அல்ல.

முதலாவது சமன் செல். டேட்டா தாமதமும் கிளாக் தாமதமும் தலா 20. இரண்டாவது டேட்டா-தாமத செல்: டேட்டா வழியில் மக்ஸும் கூடுதல் நிலைகளும் சேர்ந்து 60, கிளாக் 20. மூன்றாவது கிளாக்-தாமத செல்: டேட்டா 20, கிளாக் 70. பல பிட்டுகளுக்கு ஒரே கிளாக் இன்வெர்ட்டர் சுமை தாங்கும் மல்ட்டி-பிட் செல்களில் கிளாக் இப்படிப் பின்தங்குவது உண்டு.

| செல் | செட்டப் | ஹோல்ட் | CK-யிலிருந்து Q |
|---|---|---|---|
| சமன் | 30 | 10 | 80 |
| டேட்டா-தாமதம் | 70 | -30 | 80 |
| கிளாக்-தாமதம் | -20 | 60 | 130 |

கடைசி நெடுவரிசையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிளாக்கை உள்ளே 50 தாமதப்படுத்தினால் டேட்டாவைப் பிடிப்பது மட்டும் தள்ளிப்போகாது, வெளியே விடுவதும் அதே 50 தள்ளிப்போகும். ஆகவே செட்டப்பைத் தனியாகப் பார்க்காமல், செட்டப்பையும் CK-யிலிருந்து Q வரையிலான நேரத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சைக்கிளில் லாஜிக்குக்குக் கிடைக்காமல் ஃபிளிப்-ஃப்ளாப்பே தின்றுவிடும் நேரம் அதுதான். சமன் செல்லுக்கு 110. கிளாக்-தாமத செல்லுக்கு 130-இலிருந்து 20 கழித்தால் அதே 110. டேட்டா-தாமத செல்லுக்கு 150.

ஹோல்டையும் இதே மாதிரி பார்க்கலாம். ஒரு ஃபிளிப்-ஃப்ளாப்பின் Q நேராக அடுத்த ஃபிளிப்-ஃப்ளாப்பின் D-க்குப் போகிறது, நடுவில் லாஜிக்கே இல்லை என்று வைத்துக்கொண்டால், கையிருப்பு என்பது CK-யிலிருந்து Q வரையிலான நேரத்திலிருந்து ஹோல்டைக் கழித்தால் வருவது. சமன் செல்லுக்கு 70. கிளாக்-தாமத செல்லுக்கு 130-இலிருந்து 60 போக, அதுவும் 70. டேட்டா-தாமத செல்லுக்கு 80-உடன் 30 சேர்ந்து 110.

இந்த ஒப்பீட்டின் மையம் இங்கேதான் இருக்கிறது. டிசைன் முழுக்க ஒரே வகைச் செல்லைப் போட்டால், கிளாக்-தாமத செல்லும் சமன் செல்லும் ஒன்றேதான். மைனஸ் செட்டப் என்ற கவர்ச்சியான எண் எதையும் தரவில்லை, எதையும் கெடுக்கவும் இல்லை. செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிளாக் ஸ்கியூ அது. எல்லாரும் சேர்ந்து 50 தாமதமானால் யாரும் தாமதமாகவில்லை. டேட்டா தாமதம் அப்படி ரத்தாவதில்லை. அது ஒவ்வொரு நிலையிலும் 40-ஐ எடுத்துக்கொள்கிறது, பதிலுக்கு ஹோல்டில் 40 உண்மையான பாதுகாப்பைத் தருகிறது. முதலாவது இடமாற்றம், இரண்டாவது விலை கொடுத்து வாங்குவது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "மைனஸ் எண் உள்ள செல்கள்" என்று பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

சரி, அப்படியானால் கிளாக்-தாமத செல் எப்போது உதவும்? வேறு வகைச் செல்களோடு கலந்து போடும்போது மட்டும்.

ஓர் உதாரணம். கிளாக் சுற்று 1000, அதாவது 1 கிகாஹெர்ட்ஸ். மூன்று ஃபிளிப்-ஃப்ளாப்புகள் வரிசையாக: அனுப்புவது, நடுவில் உள்ளது, கடைசியில் பிடிப்பது. முதல் இரண்டுக்கும் நடுவே லாஜிக் 860 எடுக்கிறது, அடுத்த இரண்டுக்கும் நடுவே 700. ஸ்கியூ, ஜிட்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செட்டப் பக்கம் 50 ஒதுக்கியிருக்கிறோம். மூன்றும் சமன் செல்லாக இருந்தால் முதல் நிலைக்கு 80, 860, 30, 50 எல்லாம் சேர்ந்து 1020 ஆகிறது. 20 பற்றாக்குறை. இரண்டாவது நிலைக்கு 860-தான் ஆகிறது, 140 மிச்சம்.

நடுவில் உள்ளதை மட்டும் கிளாக்-தாமத செல்லாக மாற்றுவோம். முதல் நிலை: 80 கூட்டல் 860, அதில் 20 கழிக்க, 50 கூட்ட, 970. இப்போது 30 மிச்சம். இரண்டாவது நிலை: நடுச் செல்லின் 130, லாஜிக் 700, கடைசிச் செல்லின் செட்டப் 30, ஒதுக்கீடு 50, மொத்தம் 910. மிச்சம் 140-இலிருந்து 90-க்கு இறங்கியது. இரண்டாவது நிலையிலிருந்து 50-ஐ எடுத்து முதல் நிலைக்குக் கொடுத்திருக்கிறோம். இரண்டாவது நிலையின் லாஜிக்கும் 860-ஆக இருந்திருந்தால் இதைச் செய்வதில் பயனே இல்லை. தவறு ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு, அதுவும் பெரிதாகி, நகர்ந்திருக்கும்.

இதோடு முடியவில்லை. நடுச் செல்லின் ஹோல்ட் 10-இலிருந்து 60 ஆகியிருக்கிறது. அதற்குள் வரும் பாதைகள் எல்லாமே 860 நீளமாக இருக்காது. அதே D பின்னுக்கு, பக்கத்து ரெஜிஸ்டரிலிருந்து ஒரே ஒரு கேட் வழியாக வந்து சேரும் குட்டிப் பாதையும் இருக்கலாம். ஹோல்டைப் பொதுவாக வேகமான கார்னரில் பார்ப்பார்கள். அந்தக் கார்னரில் எல்லாத் தாமதமும் பாதி என்று தோராயமாக எடுத்துக்கொள்வோம். அனுப்பும் செல்லின் 80 அங்கே 40. குட்டிப் பாதை 8. நடுச் செல்லின் ஹோல்ட் 30. ஸ்கியூவுக்கு ஒதுக்கீடு 25. 48-இலிருந்து 55-ஐக் கழித்தால் மைனஸ் 7. சமன் செல்லாகவே விட்டிருந்தால் ஹோல்ட் 5-தான், 18 மிச்சம் இருந்திருக்கும்.

இந்த 7-ஐச் சரிசெய்ய ஒரு டிலே பஃபர் வேண்டும். அதைக் குட்டிப் பாதையும் நீளப் பாதையும் சேர்கிற இடத்துக்கு முன்னால், குட்டிப் பாதையின் கிளையில் வைக்க வேண்டும். சேர்ந்த பிறகு, D பின்னுக்குப் பக்கத்தில் வைத்தால், வேகமான கார்னரில் 7 தரும் பஃபர் மெதுவான கார்னரில் 14 எடுத்து, முதல் நிலையில் மீட்ட 30-இல் பாதியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். கருவி தானாகவே ஹோல்ட் பஃபர் போடும்போது, அது எந்தப் பக்கம் போட்டது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இங்கே இயல்பாக ஒரு கேள்வி எழும்: செல்லை மாற்றுவதற்குப் பதில், சமன் செல்லையே வைத்துக்கொண்டு கிளாக் ட்ரீயில் அதன் கிளையில் 50 தாமதம் சேர்த்தால் என்ன? கணக்கு ஒன்றேதான். பயன்தரு ஸ்கியூ என்று இதைச் செய்யாத கருவி இன்று அரிது. என் தேர்வு பெரும்பாலும் இதுதான், காரணமும் சொல்கிறேன். கிளாக் ட்ரீயில் உள்ள தாமதம் கண்ணுக்குத் தெரியும். பின்னால் 50 போதும் என்றோ 30 போதும் என்றோ மாற்றலாம். அதன் மாறுபாட்டை டைமிங் கருவி தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். செல்லுக்குள் இருக்கும் தாமதம் ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோயிருக்கிறது.

அந்தக் கரைதல் எவ்வளவு ஆபத்தானது என்று இதே எண்களில் பார்க்கலாம். மைனஸ் 20 என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறது. ஆனால் அது 50-க்கும் 70-க்கும் உள்ள வித்தியாசம்: உட்கருவின் செட்டப் 30, டேட்டா தாமதம் 20 ஒரு பக்கம், கிளாக் தாமதம் 70 மறுபக்கம். ஒரே செல்லுக்குள் இருந்தாலும் இவை வெவ்வேறு டிரான்சிஸ்டர்கள். டேட்டா பக்கம் 10 சதவீதம் மெதுவாகவும், கிளாக் பக்கம் 10 சதவீதம் வேகமாகவும் அமைந்துவிட்டால் 55-இலிருந்து 63-ஐக் கழிக்க, செட்டப் மைனஸ் 8. அறிக்கையில் இருக்கும் மைனஸ் 20-ஐ நம்பியவருக்கு 12 காணாமல் போகிறது. இரண்டும் முழுசாக எதிரெதிராகப் போவது மிகைதான். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஓரளவு சேர்ந்தே நகரும். ஆனால் பிழையின் திசை இதுதான்.

இன்னும் மோசமானது டிரேட் காரணியைக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்குவது. செட்டப் எண்ணைப் பாதுகாப்புக்காக 1.1-ஆல் பெருக்கும் வழக்கம் இருக்கிறது. 30 என்ற செட்டப் 33 ஆகிறது, நல்லது. மைனஸ் 20-ஐப் பெருக்கினால் மைனஸ் 22. பாதுகாப்பு கூடுவதற்குப் பதில் இன்னும் இரண்டு பைக்கோ வினாடி சலுகை கிடைத்துவிட்டது. மைனஸ் எண் உள்ள செல்களைப் பயன்படுத்தத் தொடங்கும் முன், நீங்கள் வைத்திருக்கும் டைமிங் கருவி செக் ஆர்க்குகளில் மைனஸ் மதிப்பு வந்தால் டிரேட்டை எப்படிப் போடுகிறது என்று ஒரே ஒரு பாதையின் அறிக்கையை எடுத்துக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லைப்ரரியில் செட்டப், ஹோல்டுக்கான சிக்மா அட்டவணைகள் இருந்தால், அவற்றைப் பயன்படுத்தி இந்தப் பெருக்கல் தொல்லையிலிருந்து பெருமளவு தப்பலாம்.

செல்லை மாற்றுவது ட்ரீயைத் தொடுவதைவிட மேல் என்று சொல்லக்கூடிய ஒரு நேரமும் உண்டு: கிளாக் ட்ரீ முடிந்து, ரூட்டிங்கும் முடிந்து, கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு பாதை மட்டும் இடிக்கும்போது. ஒரே அளவு, ஒரே பின் இடம் உள்ள செல்லாக இருந்தால் மாற்றுவது சுலபம். ட்ரீயைத் தொட்டால் அதே கிளையில் உள்ள மற்ற ஃபிளிப்-ஃப்ளாப்புகளும் ஆடும்.

டேட்டா-தாமத செல்லுக்கு வருவோம். இதன் இடம் ஷிப்ட் ரெஜிஸ்டர்களும் ஸ்கேன் சங்கிலிகளும். ஒரு செல்லின் Q அடுத்த செல்லுக்கு நேராகப் போகும், நடுவில் எதுவும் இல்லை. செட்டப்புக்கு முழுச் சுற்றும் காத்துக் கிடக்கும், ஹோல்டுக்குத்தான் உயிர் போகும். சங்கிலியில் அடுத்தடுத்த இரண்டு செல்கள் கிளாக் ட்ரீயின் வெவ்வேறு கிளைகளில் இருந்து, பிடிக்கும் செல்லுக்குக் கிளாக் 50 தாமதமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகமான கார்னரில் சமன் செல்லின் கையிருப்பு 35. பற்றாக்குறை 15. டேட்டா-தாமத செல்லாக இருந்தால் கையிருப்பு 55, எனவே 5 மிச்சம்.

இதற்கு மாற்று, சமன் செல்லுக்கு முன்னால் டிலே பஃபர் வைப்பது. சங்கிலியில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் தவறினால் பஃபரே போதும். நூற்றுக்கணக்கான இடங்களில் தவறினால் பஃபர்களின் பரப்பும் அவற்றுக்கான ரூட்டிங்கும் சேர்ந்து செல்லை மாற்றுவதைவிட அதிகமாகிவிடும். ஆனால் ஸ்கேன் ஃபிளிப்-ஃப்ளாப் விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்கு D, SI என்று இரண்டு டேட்டா நுழைவுகள், லைப்ரரியில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செட்டப், ஹோல்ட் அட்டவணைகள். நமக்கு மைனஸ் ஹோல்ட் வேண்டியது SI-இல். 40 இழப்பு வேண்டாதது D-இல். ஆகவே SI வழியில் மட்டும் கூடுதல் தாமதம் உள்ள செல் லைப்ரரியில் இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இரண்டு வழிகளையும் ஒரே மாதிரி மெதுவாக்கிய செல்லை ஸ்கேனுக்காக எடுத்தால், ஸ்கேன் ஓடாத நேரத்திலும் சாதாரண வேலை ஒவ்வொரு சுற்றிலும் அந்த 40-ஐக் கட்டிக்கொண்டே இருக்கும்.

ஸ்கியூ 50 இல்லை, 300 என்றால்? இரண்டு வேறு கிளாக் பகுதிகளைச் சங்கிலி கடக்கும் இடங்களில் அப்படி வரும். அங்கே டேட்டா தாமதத்தை நம்பவே வேண்டாம். லாக்கப் லாட்ச் ஒன்றைப் போட்டால் அரைச் சுற்று ஹோல்ட் கிடைத்துவிடும். தாமதத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 300 சேர்த்தால், கார்னருக்குக் கார்னர் அது ஆடுகிற ஆட்டமே புதுத் தலைவலியாகும்.

டேட்டாவைச் செல்லின் வாசலிலேயே தாமதப்படுத்தி ஹோல்டைத் தணிக்கும் யோசனை ஸ்டாண்டர்ட் செல்களோடு நிற்பதில்லை. ஸைலிங்க்ஸின் பழைய ஸ்பார்ட்டன், வெர்டெக்ஸ் குடும்பங்களில் இன்புட் ரெஜிஸ்டருக்கு முன்னால் ஒரு தாமத உறுப்பு இருந்தது. சிப்புக்குள் கிளாக் பரவ எடுக்கும் நேரத்தை அது ஈடுசெய்து, வெளிப் பின்னில் தெரியும் ஹோல்டைப் பூச்சியமாக்கும். NODELAY என்று அதை அணைத்துவிட்டால் செட்டப் குறையும், ஹோல்ட் பிளஸ்ஸுக்கு வந்துவிடும். மேலே எழுதிய இரண்டு சமன்பாடுகளேதான், அளவு மட்டும் பெரிது.

எந்தச் செல்லை எடுத்தாலும், லைப்ரரியில் இருப்பது ஒற்றை எண் அல்ல, அட்டவணை என்பதை மறக்கக் கூடாது. ஒரு பக்கம் கிளாக்கின் டிரான்சிஷன் நேரம், மறுபக்கம் டேட்டாவின் டிரான்சிஷன் நேரம். கிளாக் எட்ஜ் சோம்பேறித்தனமாக ஏறினால் உள்ளே கிளாக் இன்னும் தாமதமாகும், செட்டப் இறங்கும், ஹோல்ட் ஏறும். டேட்டா சோம்பேறியானால் இதற்கு நேரெதிர். சமன் செல்லாகவே இருந்தாலும் அட்டவணையின் ஒரு மூலையில் மைனஸ் செட்டப்பும் எதிர் மூலையில் மைனஸ் ஹோல்டும் இருப்பது சகஜம். ஆகவே செல்களை ஒப்பிடும்போது உங்கள் டிசைனில் உண்மையில் வரும் டிரான்சிஷன் மதிப்புகளுக்கான கட்டத்தை எடுத்து ஒப்பிடுங்கள். அட்டவணையின் முதல் கட்டத்தை ஒப்பிடுவது வீண்.

இதுவரை பார்த்தது டைமிங் பகுப்பாய்வு. கேட்-லெவல் சிமுலேஷனில் மைனஸ் எண்கள் வேறு ஒரு முடிவைக் கேட்கின்றன, அதில் தவறினால் விளைவு மோசமாக இருக்கும்.

வெரிலாகில் `$setup`, `$hold` இரண்டும் தனித்தனியாக மைனஸ் எல்லையை ஏற்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் `$setuphold` மட்டும்தான் ஏற்கும். நம் கிளாக்-தாமத செல்லுக்கு அது இப்படி இருக்கும்:

```verilog
$setuphold(posedge CK, D, -20, 60, notif, , , dCK, dD);
```

கடைசியில் இருக்கும் dCK, dD இரண்டும் சிமுலேட்டரே உருவாக்கும் தாமதப் பிரதிகள். சாளரம் எட்ஜுக்குப் பின் 20-இலிருந்து 60 வரை இருக்கிறது. எனவே சிமுலேட்டர் கிளாக்கை 20-க்குச் சற்று மேல் தள்ளி dCK-ஐ உருவாக்கும், அப்போது எட்ஜ் சாளரத்துக்குள் வந்து விழும். செல்லின் வேலையைச் செய்யும் பகுதி CK, D-ஐப் பார்க்காமல் dCK, dD-ஐப் பார்க்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். Q மாறும் நேரம் இதனால் தள்ளிப்போகாது. பாதைத் தாமதம் CK பின்னிலிருந்தே எண்ணப்படும், 130 என்றால் 130-தான்.

இங்கே மூன்று வழிகள். ஒன்று, தாமதப் பிரதிகளோடு முழுமையாக ஓட்டுவது. இரண்டு, மைனஸ் எண்களைப் பூச்சியமாக்கிவிட்டு ஓட்டுவது. மூன்று, யாரும் தெரிந்து தேர்ந்தெடுக்காத வழி: மைனஸ் எல்லை செக்கில் இருக்கிறது, ஆனால் செல்லின் மாடல் dCK, dD-ஐப் பயன்படுத்தாமல் CK, D-ஐயே பயன்படுத்துகிறது.

பூச்சியமாக்கினால் என்ன ஆகும்? கிளாக்-தாமத செல்லின் செட்டப் 0, ஹோல்ட் 60 ஆகிவிடும். சாளரம் 40-இலிருந்து 60-ஆக அகலும். எட்ஜுக்கு 10 பைக்கோ வினாடி கழித்து வரும், உண்மையில் பிரச்சினையே இல்லாத டேட்டாவுக்கு மீறல் செய்தி வரும், notif தட்டப்பட்டு Q-இல் X பரவும். டேட்டா-தாமத செல்லிலும் அப்படியே: எட்ஜுக்கு 20 முன்னால் மாறும் டேட்டா, பூச்சியமாக்கிய செக்கில் மீறலாகும். எரிச்சல்தான், ஆனால் சத்தம் போட்டுச் சொல்கிறது. பொய் எச்சரிக்கை எது, நிஜம் எது என்று பிரிக்க நேரம் செலவாகும், சிப் கெட்டுப்போகாது.

மூன்றாவது வழிதான் பயமுறுத்துவது. அதே டேட்டா எட்ஜுக்கு 10 கழித்து வருகிறது. செக் மைனஸ் 20-ஐப் பார்த்து, சரி என்று விட்டுவிடும். மாடலோ எட்ஜ் வந்த அந்தக் கணத்திலேயே D-ஐ எடுத்துவிட்டது, அப்போது அங்கே இருந்தது பழைய மதிப்பு. மீறல் இல்லை, X இல்லை, தவறான பிட் மட்டும் அமைதியாக அடுத்த நிலைக்குப் போகிறது. டேட்டா-தாமத செல்லில் இதன் மறுபக்கம் நடக்கும்: எட்ஜுக்கு 10 முன்னால் D மாறுகிறது, உண்மைச் செல் பழைய மதிப்பைத்தான் பிடிக்கும், மாடல் புதியதைப் பிடிக்கும். ஷிப்ட் சங்கிலி ஒரு பிட் முன்னதாக நகர்ந்தது போலத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஒரு செல்லை மட்டும் தனியே எடுத்து, D-ஐ எட்ஜைச் சுற்றி ஒவ்வொரு பைக்கோ வினாடியாக நகர்த்தும் சின்ன டெஸ்ட்பெஞ்ச் எழுதினால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கிளாக்-தாமத செல்லானால், பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் நடுவே மீறலும் X-உம் உள்ள பட்டை எட்ஜுக்குப் பின் 20-இலிருந்து 60 வரை தெரிய வேண்டும். X பட்டைக்கு வெளியே மதிப்பு புரண்டால் மாடல் தவறு.

முதல் வழியே என் தேர்வு, ஆனால் அதையும் முழுசாக நம்பிவிட முடியாது. சிமுலேட்டருக்குச் சிமுலேட்டர் இயல்பு நிலை வேறு: விசிஎஸ்ஸில் `+neg_tchk` கொடுத்து மைனஸ் செக்குகளை இயக்க வேண்டும், மாடல்சிம்மில் அவை இயல்பாகவே இயங்கும், `+no_neg_tchk` கொடுத்தால்தான் பூச்சியமாகும். அப்புறம், D ஏறும்போது ஒரு சாளரம், இறங்கும்போது வேறு சாளரம் என்று எஸ்டிஎஃப் கோப்பு தந்து, அவை இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விலகி இருந்தால், இரண்டுக்கும் பொருந்தும் ஒரே dCK தாமதம் கிடைக்காது. அப்போது சிமுலேட்டர் மைனஸ் எல்லைகளில் சிலவற்றைப் பூச்சியமாக்கிவிட்டு, லாகில் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு ஓடத் தொடங்கும். முதல் வழியில் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு, சில செல்களை மட்டும் இரண்டாவது வழியில் ஓட்டுவோம். பூச்சியமாக்கப்பட்ட செல்களின் பட்டியலை அந்த லாகிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் வரும் மீறல்களில் அந்தச் செல்களின் மீறல்களைத் தனியே ஒதுக்கி, அவற்றை மட்டும் டைமிங் அறிக்கையோடு ஒத்துப்பார்க்கலாம்.